நைட் ஷிப்ட் அலவன்ஸை நம்பி கால் சென்டரில் சேருமுன் படியுங்கள்

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தேன். அமெரிக்கக் கிழக்குக் கரை வாடிக்கையாளர்களுக்கான வேலை. இன்டர்வியூவில் எச்.ஆர். மேடம், "ஃபிக்ஸட் 22,000, நைட் அலவன்ஸோட சேர்த்து மாசம் 27,500 வரும்" என்றார். ஒரு இரவுக்கு 250 ரூபாய், 22 இரவுக்கு 5,500. அதை நம்பித்தான் தாம்பரத்தில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்தேன்.

டிசம்பர் முதல் மூன்று மாதம் சொன்னபடியே வந்தது. ஏப்ரல் பே ஸ்லிப்பில் நைட் அலவன்ஸ் 2,200 ரூபாய்தான் இருந்தது. ஒரு நாள்கூட லீவு போடவில்லை. டீம் லீடரிடம் கேட்டேன். "உங்க ஷிப்ட் 3:30க்கே முடியுதே, அது வேற ஸ்லாப்" என்றார்.

நடந்தது இதுதான். மார்ச் இரண்டாவது ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிறுதான் பழையபடி திரும்பும். நியூயார்க்கில் காலை 9 முதல் மாலை 6 என்பது குளிர்காலத்தில் நமக்கு இரவு 7:30 முதல் 4:30. கோடையில் அதுவே 6:30 முதல் 3:30. கம்பெனி பாலிசியிலோ, இரவு 10க்கும் காலை 6க்கும் இடையில் ஆறு மணி நேரமாவது வேலை இருந்தால்தான் 250, குறைந்தால் 100 என்று இருந்தது. குளிர்கால ஷிப்டில் ஆறரை மணி நேரம் வருகிறது. கோடையில் ஐந்தரைதான். அரை மணி நேரக் குறைவில் மாதம் 3,300 ரூபாய் போய்விட்டது, அதுவும் ஏறத்தாழ எட்டு மாதத்துக்கு. சேரும்போது எனக்குக் காட்டியது மீதி நான்கு மாதத்தின் கணக்கு.

வேலை என்னவோ அதேதான். 3:30க்கு லாக் அவுட் செய்தாலும், ரூட்டில் இருக்கும் எல்லோரும் கீழே வரும்வரை கேப் நகராது. நான் வீட்டுக் கதவைத் திறக்கும்போது எதிர்வீட்டு அக்கா கோலம் போட்டுக்கொண்டிருப்பார்.

லேபர் ஆபீஸுக்குப் போகலாம் என்று நினைத்தேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி சொல்கிறது. இரவு வேலைக்கு இவ்வளவு படி தர வேண்டும் என்று அதில் இல்லை. அதனால் ஆஃபர் லெட்டரிலும் பாலிசியிலும் எழுதியிருப்பதுதான் நம் பிடி. என் லெட்டரில் "கம்பெனி பாலிசிப்படி" என்ற இரண்டே சொற்கள். அந்தப் பாலிசியை நான் பார்த்ததே ஏப்ரலில்தான்.

கையெழுத்துப் போடுமுன் அந்தப் பாலிசியை மெயிலில் கேட்டு வாங்குங்கள். "ஏப்ரல் மாதம் என் ஷிப்ட் எத்தனை மணிக்கு, அப்போது ஒரு இரவுக்கு எவ்வளவு?" என்று எழுதிக் கேளுங்கள். சம்பளத்தோடு கூடிய லீவு நாளுக்கும் பகல்நேர ட்ரெயினிங்குக்கும் அலவன்ஸ் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்; எனக்கு இரண்டுக்கும் கிடையாது. பதில் வாய்வார்த்தையாக வந்தால், வீட்டு வாடகையை ஃபிக்ஸட் தொகையை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள்.