சேர்ந்து வாசிப்பதா, காத்திருந்து திருத்துவதா?

வியாசர்பாடியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்றாம் வகுப்புக்கு வாசிப்புத் துணையாக அனுப்ப நினைப்பவர்கள், எந்த முறையில் பழக்குவது என்று கேட்கிறார்கள்.

பழக்குவது:
சேர்ந்து வாசித்தல்: இருவரும் ஒரே குரலில் வாசிப்பார்கள். சின்னது தட்டிச் சைகை காட்டினால் பெரியது நிறுத்தும், சின்னது தனியே தொடரும். ஒரே நாளில் பிடிபடும்.
காத்திருத்தல்: சின்னது தனியே வாசிக்கும். தவறினால் பெரியது உடனே திருத்தாமல் பொறுத்திருக்கும். இதைப் பழக அதிக நாள் பிடிக்கும்.

தவறினால்:
சேர்ந்து: நான்கு விநாடி பொறுத்து, சொல்லைச் சொல்லிக்கொடுத்து, திரும்பச் சொல்லவைத்து நகர்வது.
காத்திருத்தல்: ஐந்து விநாடிக்குப் பின் குறிப்பு. 'மரத்தில் பழம்' என்பதை 'பணம்' என்று வாசித்தால், "மரத்துல பணம் தொங்குமா?" என்று கேட்பது. ஆனால் 'பளம்' என்றால் விட்டுவிடுங்கள். அது நம் பகுதிப் பேச்சு, வாசிப்புப் பிழையல்ல. பெரிய பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

பாதுகாப்பு இரண்டுக்கும் ஒன்றே: கதவு திறந்த அறை, கண்ணெதிரே ஆசிரியர், தனிச் சந்திப்பு கூடாது. சின்னது ஏதாவது வேதனையைச் சொன்னால், ரகசியம் காப்பதாக வாக்குத் தராமல் அன்றே ஆசிரியரிடம் சொல்ல வேண்டும்.

எழுத்துக்கூட்டவே தயங்கும் குழந்தைக்குச் சேர்ந்து வாசித்தல். ஓரளவு வாசித்தும் ஊகித்து ஓடும் குழந்தைக்குக் காத்திருத்தல்.