எட்டு உடை, ஒரே உருவக்கோடு: ஒன்றரை வருட அனுபவம்

பெங்களூரு அல்சூரில், வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துதான் ஒரு வீடியோ கேமுக்கு ஏஐ வைத்துப் படம் வரைகிறேன். நாயகி ஒருத்திதான். அவளுக்கு எட்டு உடை வேண்டும்: பள்ளிச் சீருடை, மழைக்கோட்டு, காக்கி, பொங்கலுக்குப் பாவாடை சட்டை என்று. கோட் எழுதும் ஈரோட்டுத் தம்பி முதல் நாளே சொல்லிவிட்டார்: "அக்கா, துணிய எப்படி வேணும்னாலும் மாத்துங்க. வெளிக்கோடு மட்டும் நகரக் கூடாது." உருவத்தை அசைக்கும் எலும்பும், படத்தைத் தாங்கும் மெஷ் என்ற வலையும் அவர் ஒருமுறைதான் பொருத்துவார். அந்த மெஷ் உருவத்தை ஒட்டி வெட்டியது. அதைத் தாண்டிப் போகும் சட்டை நுனி திரையில் வராது, பாதியில் அறுந்து நிற்கும்.

என்னிடம் இருப்பது 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. அதில் எழுதிக் கொடுத்ததைப் படமாக்கும் எஸ்டிஎக்ஸ்எல் மாடல், கூடவே அந்தப் படத்தை நாம் கொடுக்கும் வடிவத்துக்குக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல்நெட். முதலில் ஓப்பன்போஸ் போட்டேன். அது மூட்டுகளை மட்டும்தான் பிடித்து வைக்கும், மூட்டைச் சுற்றி உடம்பு எவ்வளவு பருமன் என்பது அதற்குத் தெரியாது. மழைக்கோட்டு போட்டதும் பெண் பயில்வான் ஆகிவிட்டாள். சரி என்று கேனிக்கு மாறினேன். வெளிக்கோடு நன்றாக நின்றது. ஆனால் கேனி முழுப் படத்திலும் கோடு எடுப்பதால் மூலப் படத்தில் அவள் போட்டிருந்த பழைய குர்தாவின் கழுத்துப் பட்டியும் பொத்தான் வரிசையும் கூடவே போயின. எட்டு உடையும் அதே குர்தாவுக்குச் சாயம் மாற்றியதுபோல் இருந்தன. மூன்று வாரம் ப்ராம்ப்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன், தவறு நான் கொடுத்த கோடுகளில் இருந்தது.

இப்போது அந்தக் கோடுகளை நானே வரைந்து கொடுக்கிறேன். உருவத்தின் வெளி விளிம்பு, தாடை, கை உடம்பின்மேல் விழும் இடம், விரல்கள், அவ்வளவுதான். மார்பும் வயிறும் வெற்றிடம். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடாக இருந்தால் படத்திலிருந்து கோடு எடுத்துத் தரும் Preprocessor இடத்தில் none போதும். காகிதத்தில் வரைவதுபோல் வெள்ளையில் கறுப்பாகக் கொடுத்துவிட்டு, படம் ஏன் குப்பையாக வருகிறது என்று ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தவள் நான். தலைகீழாக்க மறக்காதீர்கள்.

முகமும் கையும் மாறாமலிருக்க உடைப் பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு இன்பெயின்ட் செய்கிறேன். பழையதை எவ்வளவு அழித்து வரைவது என்பதைச் சொல்லும் Denoising strength 0.6-இல் பழைய குர்தா நிழலாக எட்டிப் பார்க்கும். 0.9 வைத்தால்தான் அது உண்மையிலேயே மழைக்கோட்டு ஆகிறது. கோட்டின் பிடியை Control Weight 0.8 அளவில் வைத்து, Ending Control Step 0.7-இல் நிறுத்துகிறேன். உருவம் ஆரம்பப் படிகளிலேயே முடிவாகிவிடும், கடைசிப் படிகளில் துணியின் மடிப்புக்கு விட்டுக்கொடுப்பதுதான் நல்லது.

இத்தனைக்குப் பிறகும் விளிம்பு இரண்டு மூன்று பிக்சல் ஆடும். மாடல் படத்தைச் சுருக்கிய வடிவத்தில்தான் வேலை செய்கிறது, அதில் ஒரு கட்டம் என்பது நம் படத்தில் 8×8 பிக்சல். எந்த அமைப்பை மாற்றினாலும் இது முழுதாகப் போகாது. கண்ணை நம்பாமல், ஒவ்வொரு படத்தின் பின்னணியையும் நீக்கி, உருவத்தை வெள்ளையாகவும் மிச்சத்தைக் கறுப்பாகவும் மாற்றி, மூலத்தோடு ஒப்பிடுகிறேன்:

```
magick base_mask.png rain_mask.png -compose difference -composite diff.png
```

வித்தியாசம் உள்ள இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். அங்கே உடை வெளியே பிதுங்கியிருக்கிறதா, உள்ளே சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லேசாகப் பிதுங்கியதை மூலப் படத்தின் உருவ எல்லையை வைத்திருக்கும் ஆல்ஃபாவால் வெட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. சுருங்கியதுதான் தொல்லை: வெட்டினாலும் விளிம்பில் பின்னணியின் சாம்பல் ஒரு கீற்றாக ஒட்டிக்கொண்டே வரும். மூன்று பிக்சல் வரை துணியின் நிறத்தைக் கையாலேயே இழுத்து நிரப்புவேன். அதற்கு மேல் போனால் அந்தப் படத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, சீடு எண்ணை மாற்றி இன்னொரு படம் எடுப்பேன். மழைக்கோட்டின் தொப்பி தோளுக்குப் பின்னால் புடைத்தபோது மட்டும் வெட்டுவது பலிக்கவில்லை, கத்தரித்த காகிதம்போல் நேர்கோடாகத் தெரிந்தது. ப்ராம்ப்ட்டில் தொப்பியையே எடுத்த பிறகுதான் சரியானது.

எட்டில் ஏழு இப்படி ஒப்பேறின. பாவாடைதான் மாட்டிக்கொண்டது. நாயகி கால் அகட்டி நிற்கிறாள், இரண்டு காலுக்கும் நடுவே இருப்பது பின்னணி. பாவாடை என்றால் அந்த இடைவெளி மூட வேண்டும், மூடினால் உருவக்கோடு மாறும். வெளிக்கோடு கொடுத்து எத்தனை முறை ஓட்டினாலும் பட்டுக்கரை போட்ட பேன்ட்தான் கிடைத்தது. ஒருமுறை பஞ்சகச்சம்போலவும் வந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. கடைசியில் அந்த உடைக்கு மட்டும் தம்பி தனி மெஷ் போட்டுத் தந்தார், முணுமுணுத்துக்கொண்டே.

அடுத்த பாத்திரத்துக்குக் கோடு போடும் முன்பே உடைப் பட்டியலைக் கேட்டு வாங்கிவிட்டேன். முதல் வரியிலேயே புடவை. அந்த அம்மா கால்களைச் சேர்த்து வைத்துத்தான் நிற்கப் போகிறார்.