ஒரே வேலை, மூன்று ரெஸ்யூமே வரிகள்: சீனியர் அனலிஸ்ட் பதவிக்கு எது எடுபடும்?

என் தோழி ஒருத்தி சென்னையில் ஒரு ஆன்லைன் விற்பனை நிறுவனத்தில் 6 வருடமாக டேட்டா அனலிஸ்ட். போன வருடம் சீனியர் அனலிஸ்ட் பதவிக்கு உள்ளேயே விண்ணப்பிக்க ரெஸ்யூமேவைத் தூசு தட்டினாள். செய்த வேலைகளிலேயே பெரிய ஒன்றை எடுத்து, அதை மூன்று விதமாக எழுதி எனக்கு அனுப்பினாள். "எதைப் போடட்டும், சொல்லு." நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் சில வருடம் உட்கார்ந்தவன். அதனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அசல் ஆங்கிலத்தில் இருந்தது, இங்கே தமிழில் தருகிறேன். நிறுவனம் தெரியக்கூடாது என்பதால் எண்களைக் கொஞ்சம் மாற்றி, முழு எண்களாக்கியிருக்கிறேன்.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் போடுவார்கள். பார்சல் வாசலுக்குப் போனதும் "வேண்டாம்" என்பார்கள், அல்லது போனையே எடுக்க மாட்டார்கள். பார்சல் குடோனுக்குத் திரும்பும். இதற்குத் தொழிலில் பெயர் ஆர்டிஓ, அதாவது ரிட்டர்ன் டு ஒரிஜின். (லைசென்ஸ் எடுக்கப் போகும் ஆர்டிஓ இல்லை. அங்கேயும் பலர் திரும்பித்தான் வருகிறார்கள், அது வேறு கதை.) போகவும் வரவும் கூரியர் கூலி நிறுவனத்தின் தலையில். தோழியின் நிறுவனத்துக்கு மாதம் 40,000 கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர், அதில் 22% திரும்பிக்கொண்டிருந்தது. முதல் முறை வாங்குபவர், முகவரியில் கதவு எண் இல்லை, தொகை பெரிது என்று சில அடையாளங்களை வைத்து, மாதம் ஆபத்தான 10,000 ஆர்டர்களை அவள் பிரித்தெடுத்தாள். அனுப்புவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போகும். "வேண்டாம்" என்று பதில் வந்தால் ஆர்டர் ரத்து.

முதல் வரி இது:

"எஸ்க்யூஎல், பைத்தான், பவர் பிஐ பயன்படுத்தி ஆர்டிஓ டாஷ்போர்டு உருவாக்கி, டெலிவரி குழுவுக்கு வாராந்திர அறிக்கை வழங்கினேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 2 வருட அனுபவக்காரரும் இதே வரியை எழுதலாம், எழுதுகிறார்கள். படிப்பவருக்கு இவள் கையில் என்ன கருவி இருந்தது என்று தெரிகிறது, அதை வைத்து என்ன செய்தாள் என்று தெரியவில்லை. உள் பதவி உயர்வில் இந்த வரிக்கு மதிப்பே கிடையாது, ஏனென்றால் அவளுக்கு எஸ்க்யூஎல் தெரியும் என்பது மேனேஜருக்குத் தெரியாததா? வெளி நிறுவனத்துக்குப் போகும்போது மட்டும், ரெஸ்யூமேவை வடிகட்டும் மென்பொருளும் எச்.ஆரும் தேடுகிற சொற்கள் எங்காவது இருக்க வேண்டும். அதற்குக் கடைசியில் "கருவிகள்" என்று ஒரு வரி போதும். நட்சத்திரக் குறி, "எஸ்க்யூஎல் 90%" என்ற பட்டை எல்லாம் வேண்டாம். மீதி 10% என்ன என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

இரண்டாவது வரியில்தான் அவளுக்கு ஆசை:

"ஆர்டிஓவை 27% குறைத்து, நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 35 லட்சம் ரூபாய் மிச்சப்படுத்தினேன்."

கணக்கு இப்படி. ஜூலை 1 அன்று திட்டம் தொடங்கியது. ஜூனில் 22%, ஆகஸ்டில் 16%. ஆறு புள்ளி இறக்கம். இருபத்திரண்டில் ஆறு என்றால் 27%. மாதம் 2,400 பார்சல் திரும்பவில்லை, ஒன்றுக்குப் போக வர கூலி 120 ரூபாய், 12 மாதம். சுமார் 35 லட்சம் வந்துவிடுகிறது. கூட்டல் பெருக்கலில் தப்பே இல்லை.

நான் கேட்டது ஒன்றுதான்: "ஆகஸ்ட் எண்ணை எந்தத் தேதியில எடுத்த?"

"செப்டம்பர் 2."

அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு பார்சல் போய், மூன்று முறை முயன்று, திரும்பி வந்து, குடோனில் ஸ்கேன் ஆக இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆகஸ்ட் 25 அன்று போட்ட ஆர்டர் திரும்பப் போகிறதா என்பது செப்டம்பர் 2 அன்று யாருக்கும் தெரியாது. அது இன்னும் வழியில் இருக்கிறது. ஆனால் வினவலோ அதைத் "திரும்பாதது" என்று எண்ணிவிடும். அதனால் எந்த மாதத்தை எடுத்தாலும் கடைசி மாதம் எப்போதும் அழகாகத்தான் தெரியும். திட்டமே இல்லாத மாதத்தில் இதே மாதிரி 2ஆம் தேதி எடுத்துப் பார்த்தால் அப்போதும் இறங்கியிருக்கும். சந்தேகம் இருப்பவர்கள் இப்படி ஒரு பழைய மாதத்தை எடுத்துப் பார்த்தாலே பிடித்துவிடலாம்.

செப்டம்பர் 30 அன்று, 30 நாள் கடந்த ஆர்டர்களை மட்டும் வைத்து அவள் மறுபடி ஓட்டினாள். ஆகஸ்ட் 20.9% என்று வந்தது. ஆறு புள்ளி இறக்கம் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிட்டது. அன்று மாலை அவள் போனை எடுக்கவில்லை.

உள் பதவி உயர்வுக் குழுவில் இரண்டாவது வரி ஏன் ஆபத்து என்பதும் இதுதான். வெளியில் இருப்பவர் 35 லட்சத்தைச் சரிபார்க்க முடியாது. உள்ளே இருக்கும் நிதிப் பிரிவுக்காரர் கூரியர் பில்லைத் திறந்து பார்ப்பார். பில் 35 லட்சம் வேகத்தில் இறங்கவில்லை என்றால், அந்த ஒரு வரி மட்டுமில்லை, அதற்குக் கீழே உள்ள நான்கு வரிகளும் சேர்ந்து சந்தேகத்துக்குள் போகும்.

நல்லவேளை, திட்டம் தொடங்கும்போதே அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். ஆபத்தான ஆர்டர்களை வாடிக்கையாளர் எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மட்டும் செய்தி அனுப்பினாள். ஆர்டர் எண்ணை வைத்துப் பிரித்திருந்தால் ஒரே ஆள் இரண்டு பக்கமும் வந்திருப்பார், அதனால் ஆளை வைத்தே பிரித்தாள். "மேனேஜர் எல்லாருக்கும் அனுப்பச் சொன்னார், நான்தான் சண்டை போட்டேன்" என்றாள். சீனியர் வேலை அந்தச் சண்டைதான், அது முதல் இரண்டு வரிகளிலும் இல்லவே இல்லை.

அவள் ஓட்டிய வினவலின் சாரம்:

```sql
SELECT test_group,
  COUNT(*) AS placed,
  COUNT(*) FILTER (WHERE final_status = 'CANCELLED') AS cancelled,
  COUNT(*) FILTER (WHERE final_status = 'RTO') AS returned,
  COUNT(*) FILTER (WHERE final_status = 'DELIVERED') AS delivered
FROM orders
WHERE payment_mode = 'COD'
  AND risk_flag = 1
  AND order_date >= DATE '2024-07-01'
  AND order_date <= CURRENT_DATE - 30
GROUP BY test_group;
```

இதில் கவனிக்க வேண்டியது, டெலிவரி முயற்சிகள் இருக்கும் அட்டவணையோடு இதை ஜாயின் செய்யவில்லை. செய்திருந்தால் மூன்று முறை முயன்ற ஆர்டர் மூன்றாக எண்ணப்படும். திரும்பும் ஆர்டர்களுக்குத்தான் முயற்சிகள் அதிகம், எனவே விகிதம் ஊதிப்போகும். ஒவ்வொரு குழுவிலும் போட்ட ஆர்டர் எண்ணிக்கை 10,000தானா என்று முதலில் பார்த்தால் இந்தத் தப்பு உடனே தெரிந்துவிடும்.

இரண்டு மாதத்தில் வந்த விடை: செய்தி போகாத 10,000 ஆர்டரில் 3,400 திரும்பின, 6,600 சேர்ந்தன. செய்தி போன 10,000இல் 900 முன்கூட்டியே ரத்து, 2,560 திரும்பின, 6,540 சேர்ந்தன.

திரும்பியது 840 குறைவு. அதே சமயம், கையில் சேர்ந்ததும் 60 குறைவு. செய்தி வராமல் இருந்திருந்தால் வாங்கியிருக்கக்கூடிய சிலர் மனம் மாறிவிட்டார்கள். ஆர்டிஓ விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த 60 கண்ணில் படாது, ஏனென்றால் ரத்தானவை திரும்பியதாக எண்ணப்படுவதில்லை. 840 பார்சலுக்கு 120 ரூபாய் வீதம் 1,00,800 மிச்சம். இழந்த 60 விற்பனைக்கு ஒன்றுக்கு 200 ரூபாய் லாபம் என்று 12,000 போக, செய்திச் செலவு 8,800 போக, நிகரம் 80,000. இது பாதி ஆர்டர்களில், இரண்டு மாதத்துக்கு. எல்லா ஆபத்தான ஆர்டர்களுக்கும் விரித்தால் மாதம் சுமார் 80,000, வருடத்துக்கு 9.6 லட்சம்.

இன்னொன்றும் பொருந்தியது. இரண்டு மாத மொத்த ஆர்டர் 80,000இல் 840 என்பது ஒரு புள்ளிக்குச் சற்று மேல். 22% எப்படி 20.9% ஆனது என்பதற்கு அதுவே விளக்கம். இரண்டு வழியில் போட்ட கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் நம்பிக்கை வந்தது.

மூன்றாவது வரியை இந்த எண்களோடு திருத்தி எழுதினோம்:

"ஆபத்தான கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்களை எஸ்க்யூஎல் விதிகளால் பிரித்து, முன்கூட்டி உறுதிசெய்யும் செய்தியைப் பாதிப் பேரிடம் சோதிக்க வைத்தேன். 20,000 ஆர்டரில் திரும்புதல் நூற்றுக்கு 34இலிருந்து 26 ஆனது. இழந்த விற்பனை, செய்திச் செலவு போக நிகர மிச்சம் மாதம் சுமார் 80,000 ரூபாய். செயல்பாட்டுப் பிரிவு இதை எல்லா ஆபத்தான ஆர்டர்களுக்கும் விரித்தது."

35 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சோனியாகத்தான் தெரிகிறது. "இதைப் போட்டா யார் திரும்பிப் பார்ப்பாங்க?" என்று அவளும் கேட்டாள். என் பதில்: திரும்பிப் பார்க்க வேண்டியவர் உன் மேனேஜரின் மேனேஜர். அவருக்கு இதில் நான்கு விஷயம் கிடைக்கிறது. எதோடு ஒப்பிட்டது, எத்தனை ஆர்டரில், எதைக் கழித்தது, முடிவை யார் ஏற்றார்கள். அடுத்த கேள்வி எது கேட்டாலும் அவளிடம் விடை இருக்கிறது. "நான்" என்று எழுதிய இடமும் அவள் உண்மையில் செய்தது மட்டுமே. செய்தியை எழுதியது மார்க்கெட்டிங், அனுப்பும் அமைப்பைக் கட்டியது பொறியாளர்கள், அதை அவள் தன் கணக்கில் எழுதவில்லை. குழுவில் அவர்களில் ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் நெளிய வேண்டியதில்லை.

ஒரு குறையும் உண்டு. இது நீளம். எல்லா வரியையும் இப்படி எழுதினால் ரெஸ்யூமே நாலு பக்கம் போகும், யாரும் படிக்க மாட்டார்கள். மிகப் பெரிய இரண்டு வேலைகளுக்கு மட்டும் இந்த வடிவம், மற்றவை ஒற்றை வரி என்று வைத்தோம். இரண்டாவதாக அவள் எடுத்தது எனக்கு இதைவிடப் பிடித்தது. ஆர்டிஓவைச் செயல்பாட்டுப் பிரிவு பார்சலை அனுப்பிய தேதியை வைத்தும், நிதிப் பிரிவு அது திரும்பி வந்த தேதியை வைத்தும் எண்ணிக்கொண்டிருந்தன. மாதக் கூட்டத்தில் பாதி நேரம் யார் எண் சரி என்பதிலேயே போகும். அவள் இரண்டையும் உட்கார வைத்து ஒரே வரையறைக்குக் கொண்டுவந்து, ஒரே வியூவாக எழுதினாள். இதில் ரூபாய்க் கணக்கு கிடையாது. "இரண்டு பிரிவுகள் ஒரே வியூவைப் பயன்படுத்துகின்றன" என்பதுதான் அளவு, அதுவே போதும். இல்லாத சதவீதத்தை ஒட்டவைக்கத் தேவையில்லை.

வெளி நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால் மட்டும் மாற்றம் வேண்டும். ஆர்டர் எண்ணிக்கையும் ரூபாயும் நிறுவனத்தின் உள் விவரம், வெளியே போகக்கூடாது. அங்கே "சோதனைக் குழுவில் திரும்புதல் ஒப்பீட்டுக் குழுவைவிடச் சுமார் கால் பங்கு குறைவு" என்று விகிதமாக மட்டும் எழுதலாம். 3,400க்கு 840 என்பது ஏறக்குறைய அதே கால் பங்கு. வேடிக்கை என்னவென்றால், இது அவள் முதலில் ஆசைப்பட்ட 27%க்குக் கிட்டத்தட்ட பக்கத்தில் வந்து நிற்கிறது. இந்த முறை அவளால் அதை விளக்க முடியும்.