வாழை இலை கருகியது குளிரிலா, வெயிலிலா?

காய்ந்து பழுப்பான பிறகு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் முதல் இரண்டு நாட்களிலேயே பார்த்துவிடுவது நல்லது.

உறைபனி பட்ட வாழை இலை, வெயில் ஏறியதும் வெந்த கீரைபோல் துவண்டு, நீர் கோத்த கரும்பச்சையாகும். உள்ளே நீர் உறைவதால் செல்கள் சிதைந்துவிடுவதே காரணம். வானத்தைப் பார்த்த மேல் இலைகள்தான் அதிகம் அடிபடும். மரநிழலில் இருப்பவை தப்பும்.

வெப்பத்திலும் இலை தொங்கும், ஆனால் சாயங்காலம் நிமிர்ந்துவிடும். கருகுவது ஓரத்திலும் நுனியிலும், வெளிறி மொறுமொறுவென்று.

குழப்புவது 10 டிகிரியை ஒட்டிய, பனியில்லாத குளிர். அதன் மஞ்சளும் கரும்புள்ளியும் சில நாள் கழித்தே வரும்; அதற்குள் வெயில் அடித்தால் பழி வெயில்மேல் விழும். முந்தைய இரவுகளின் வெப்பநிலையையும் பாருங்கள்.