காரின் திரையை மாற்றச் சொன்னார்கள். பழுது கேபிளில் இருந்தது

புதுச்சேரியில் கார் உதிரிப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் என் பழைய காருக்குத் தொடுதிரை பொருத்தினேன். கைப்பேசியைக் கேபிளில் இணைத்து ஆண்ட்ராய்டு ஆட்டோ மூலம் வரைபடத்தைத் திரையில் பார்க்க வேண்டும் என்பதே என் தேவை. பொருத்தியவர்கள், கியருக்கு அருகில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு யுஎஸ்பி துளையை அமைத்து, ‘காருக்கென்றே வந்தது’ என்று சொல்லி இரண்டு மீட்டர் கேபிள் ஒன்றையும் 650 ரூபாய்க்குத் தந்தார்கள்.

முதல் வாரத்திலேயே தொல்லை தொடங்கியது. கடலூருக்குப் போகும் வழியில் தவளக்குப்பம் தாண்டுவதற்குள் மூன்று முறை வரைபடம் மறைந்து, திரை தன் முகப்புக்குத் திரும்பி, சில நொடிகளில் மீண்டும் இணைந்தது. சாலையில் பள்ளம் வரும்போது இது கூடுதலாக நடந்தது. ஆனால் கைப்பேசி சார்ஜ் ஆவது மட்டும் நிற்கவே இல்லை. கடையில் முறையிட்டபோது மென்பொருளைப் புதுப்பிக்க 1,200 ரூபாய் வாங்கினார்கள். அதன் பிறகும் சரியாகாததால், திரையின் உள் பலகை பழுது என்றும் வேறு திரை வாங்கினால் 18,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். கேபிளை யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

‘சார்ஜ் ஏறுகிறது, ஆகவே கேபிள் நன்றாக இருக்கிறது’ என்ற அவர்களுடைய வாதத்தை நானும் நம்பியதுதான் என் தவறு. யுஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகளும் தரவுக்குத் தனியே இரண்டு கம்பிகளும் இருக்கின்றன. மின்சாரம் நொடியின் ஒரு சிறு பகுதி தடைபட்டுத் திரும்பினாலும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் காரின் திரையில் தெரிய வேண்டிய காட்சியைக் கைப்பேசி ஓயாமல் ஓடும் காணொளியாக அனுப்புவதாலும், நாம் தொடும் தொடுகை அதே கம்பிகளில் திரும்பி வருவதாலும், தரவு சிறிது நேரம் சிதைந்தாலும் இணைப்பே அறுந்து புதிதாகத் தொடங்க வேண்டியதாகிறது. மலிவான கேபிள்கள் பலவற்றில் செம்பு மெல்லியதாக இருக்கும், தரவுக் கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கியும் உலோக உறையால் மூடப்பட்டும் இருக்காது. நீளம் கூடக் கூட சிக்னல் வலுவிழப்பதோடு, கைப்பேசி அதிக மின்சாரம் இழுக்கும்போது மின்னழுத்தமும் குறைகிறது.

என் காரில் இதைவிடப் பெரிய குறை மறைந்திருந்தது. நண்பர் ஒருவரின் துணையோடு கியரைச் சுற்றியுள்ள மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, அந்தத் துளை திரையிலிருந்து நேராக வந்ததல்ல, இடையில் ஒன்றரை மீட்டர் நீட்டிப்புக் கேபிளைச் செருகி இழுத்து வந்தது என்று தெரிந்தது. திரையின் பின்பக்கத்திலிருந்து வரும் குட்டிக் கேபிளான வால், நீட்டிப்பு, என் கேபிள் ஆகிய மூன்றும் சேர்ந்து நான்கு மீட்டர் அளவில் வந்ததுடன், நடுவில் குலுங்கிக் கழலும் இரண்டு மூட்டுகளும் இருந்தன. ஐந்து மீட்டர் வரை யுஎஸ்பி வேலை செய்யும் என்று கடைக்காரர் சொன்னது ஒரே துண்டான, தரமான கேபிளுக்குப் பொருந்தும். யுஎஸ்பி நெறிமுறை நீட்டிப்புக் கேபிள்களை ஏற்பதே இல்லை.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தோம். நீட்டிப்பை வைத்துக்கொண்டே, கைப்பேசியோடு வந்த ஒரு மீட்டர் கேபிளைச் செருகியபோது துண்டிப்பு குறைந்தது, நிற்கவில்லை. நீட்டிப்பை அகற்றிவிட்டு, திரையின் வாலிலேயே அதே கேபிளைச் செருகிக் கடலூர் வரை போய் வந்தோம், ஒருமுறைகூட அறுபடவில்லை. திரை முழுக்க நலமாகத்தான் இருக்கிறது.

ஆகவே உங்கள் காரிலும் இப்படி நடந்தால், திரையை மாற்ற ஒப்புக்கொள்வதற்கு முன் கேபிளைக் கணினியில் செருகிப் பாருங்கள். கைப்பேசியில் File Transfer என்ற தேர்வே வராவிட்டால், அது பெரும்பாலும் சார்ஜுக்கு மட்டுமான கேபிள். வந்தால், பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துக்கொண்டே முனையை மெல்ல அசைத்துப் பாருங்கள். நகல் நின்றால் கேபிளோ கைப்பேசியின் துளையோ தளர்ந்திருக்கிறது. துளையில் சேர்ந்த பஞ்சும் தூசியும்கூட முனையை முழுதாக உள்ளே போகவிடாது.

வாங்கும்போது ஒரு மீட்டருக்கு மிகாத, தரவுப் பரிமாற்றம் உண்டு என்று உறையில் எழுதப்பட்ட கேபிளைக் கேளுங்கள். 60 வாட், 100 வாட் என்று அச்சிட்டிருப்பது சார்ஜ் வேகத்தைத்தான் சொல்கிறது. துணி பின்னிய தடித்த உறைக்குள் மெல்லிய கம்பி இருக்கலாம். துளையையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் அடாப்டரும், பல கார்களில் பின் இருக்கைத் துளையும் மின்சாரம் மட்டுமே தரும். தனியாகப் பொருத்திய திரைகளில் இரண்டு வால்கள் இருந்தால், அவற்றில் ஒன்று மட்டும் கைப்பேசி இணைப்புக்கானதாக இருப்பதுண்டு.

நீட்டிப்பைக் காட்டிக் கேட்டபோதும் கடையில் 1,200 ரூபாயைத் திருப்பித் தரவில்லை. திரை பொருத்தும் அன்றே, மூடியை மாட்டுவதற்கு முன், துளை எங்கிருந்து வருகிறது என்று நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.