லாரிக்காரருக்குக் கொடுத்த எண்ணை வைத்து என் பக்கத்தைப் பிடித்துவிட்டார்கள்

போன ஜூனில் மதுரையிலிருந்து கோவைக்கு வீடு மாற்றினோம். சாமான் ஏற்றும் ஏஜென்சி ஒன்றிடம் 18,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருந்தேன். எல்லாம் லாரியில் ஏறிய பிறகு, "மாடிக்கூலி, டோல் எல்லாம் தனி சார், 29,500 ஆகும்" என்றார் சூப்பர்வைசர். பீரோவும் ஃப்ரிட்ஜும் அவர்கள் வண்டியில் இருக்கும்போது என்ன பேச முடியும்? கொடுத்துத் தொலைத்தேன். இது பலருக்கும் நடப்பதுதான். நான் எழுத வந்தது அதற்கு அப்புறம் நடந்ததை.

மறுவாரம், அந்த ஏஜென்சி செய்ததை அப்படியே விமர்சனமாகப் போட்டேன். மூன்றாம் நாள் என் மனைவிக்கு ஒரு மெசேஜ் வந்தது. எங்கள் மகள் பள்ளி ஆண்டுவிழாவில் ஆடிய படம், கீழே இரண்டு வரி: "பாப்பா நல்லா ஆடுது மேடம். சார்கிட்ட சொல்லி ரிவ்யூவை எடுக்கச் சொல்லுங்க." அவள் கை நடுங்கிவிட்டது.

அந்தப் படம் ஒரு சமூக வலைத்தளத்தில் என் பக்கத்தில் இருந்தது. அங்கே நான் இருப்பது புனைபெயரில். போன் எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி மறைத்தும் வைத்திருந்தேன். பிறகு எப்படி?

யோசித்துப் பார்த்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. ஏஜென்சிக்கு எண் கொடுத்த மறுநாளே, 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்ற வரிசையில் அந்த சூப்பர்வைசரின் முகம் வந்திருந்தது. எங்களுக்குப் பொதுவான நண்பர் ஒருவர்கூட இல்லை. ஏதோ தற்செயல் என்று தள்ளிவிட்டேன். அது தற்செயல் இல்லை. அவர் என் எண்ணைத் தன் போனில் சேமித்திருக்கிறார். அந்தச் செயலி அவருடைய தொடர்புப் பட்டியலை மொத்தமாக ஏற்றிக்கொண்டு, கணக்குகளோடு ஒப்பிட்டிருக்கிறது. கணக்கு தொடங்கும்போது ஓடிபிக்காக நான் கொடுத்த எண் பொருந்திவிட்டது. என் தொடர்புகளை ஏற்ற நான் ஒருநாளும் அனுமதி கொடுத்ததில்லை. அதனால் பயனில்லை, அவர் கொடுத்த அனுமதியே போதும்.

நான் ஏமாந்த இடம் இதுதான். எண்ணைப் பக்கத்தில் காட்டாமல் வைப்பது ஒரு அமைப்பு. அந்த எண்ணைக் கையில் வைத்திருப்பவர் நம்மைத் தேடிப் பிடிக்கலாமா என்பது வேறொரு அமைப்பு. முதலாவதை அணைத்தால் இரண்டாவது தானாக அணையாது.

ஃபேஸ்புக்கில் Settings உள்ளே How people find and contact you என்ற பகுதியில் இது இருக்கிறது. எண்ணுக்கு ஒரு கேள்வி, மின்னஞ்சலுக்கு ஒரு கேள்வி. இரண்டையும் Only me என்று மாற்ற வேண்டும். எக்ஸ் தளத்தில் Privacy and safety, அதற்குள் Discoverability and contacts. அங்கும் இரண்டு தனித்தனிப் பொத்தான்கள். டெலிகிராமில் கொஞ்சம் ஒளித்து வைத்திருக்கிறார்கள். Privacy and Security உள்ளே Phone Number போய், எண்ணை யார் பார்க்கலாம் என்பதற்கு Nobody கொடுத்தால்தான், எண்ணை வைத்து யார் தேடலாம் என்ற கேள்வியே கீழே தெரியும். அதில் My Contacts வரைதான் குறைக்கலாம். அதனால் லாரிக்காரர், புரோக்கர் பெயர்களை உங்கள் போனிலிருந்தும் அழித்துவிடுங்கள்.

முதலில் நான் எண்ணுக்கான தேடலை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். சோதித்துப் பார்க்கலாம் என்று தம்பி போனில் என்னை அழித்துவிட்டு, வேறொரு பெயரில் என் மின்னஞ்சல் முகவரியை மட்டும் சேமித்து, அவனுடைய புதுக் கணக்கில் தொடர்புகளை ஏற்றச் சொன்னேன். பட்டியலில் முதல் ஆளாக நான்! ஏஜென்சி எனக்கு கொட்டேஷன் அனுப்பியதும் அதே முகவரிக்குத்தான். அதையும் அணைத்தேன்.

நான் ஏதோ மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். 2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் கணக்குகளின் விவரங்கள் எண்ணோடு சேர்ந்து வெளியே வந்தன. தொடர்புகளை ஏற்றும் இதே வசதியில் எண்களைக் கொத்துக்கொத்தாகப் போட்டு, 2019 வாக்கில் சுரண்டி எடுத்தவை அவை.

இந்தப் பொத்தான்கள் இனிமேல் தேடுபவரைத்தான் தடுக்கும். ஏற்கெனவே பார்த்துவிட்டவரைத் தனியாக பிளாக் செய்ய வேண்டும். நண்பர் பட்டியலையும் மறைக்க வேண்டும், என் மனைவியை அவர்கள் பிடித்தது அதன் வழியாகத்தான். வாட்ஸ்அப்பில் எண்ணை வைத்துத் தேடுவதை அணைக்க இப்படி ஒரு பொத்தானே நான் பார்க்கவில்லை. முகப்புப் படத்தையும் அபௌட்டையும் My contacts ஆக்கி வைத்திருக்கிறேன். கேஸ், லாரி, வீட்டு புரோக்கர் எல்லோருக்கும் இப்போது கொடுப்பது, எந்தக் கணக்கோடும் சேராத இரண்டாவது சிம் எண்ணை.