"வா" என்றால் வராத கருப்பன்: கத்தலா, புதுச் சொல்லா, நீளக் கயிறா?

எங்கள் நாய் கருப்பனுக்கு எட்டு மாதம், செந்தூல் பின்சந்தில் கிடைத்தவன். ஐந்து மாதத்தில் "வா" என்றால் பறந்து வருவான். இப்போது பக்கத்து வீட்டு வேலியில் மூக்கை வைத்துக்கொண்டு, காதை மட்டும் என் பக்கம் திருப்பிவிட்டு, அசையாமல் நிற்கிறான். அந்தக் காதைப் பார்த்தாலே தெரியும், கேட்கிறது, வர மனமில்லை. பிரிட்டனில் வழிகாட்டி நாய்க்குட்டிகளை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்விலும் இதே கதைதான்: எட்டு மாதத்தில் 'உட்கார்' என்று வளர்ப்பவர் சொன்னால் ஐந்து மாதத்தில் கேட்ட அளவுக்குக் கேட்கவில்லை, வேறொருவர் சொன்னால் கேட்டன. ஆக, மறதி இல்லை.

முதல் வழி கத்துவது. அண்ணன் கட்சி இது. ஐந்து முறை "வா" என்று கத்திக் கடைசியில் வந்தவனைத் திட்டிச் சங்கிலி மாட்டினால், முதல் நான்கு "வா" கணக்கில் இல்லை, ஐந்தாவதுக்குப் போனால் விளையாட்டு முடிந்தது என்றுதான் நாய் படிக்கும்.

புதுச் சொல் அவ்வளவு மோசமில்லை. பழைய சொல் ஏற்கெனவே கெட்டுவிட்டால் அதுதான் சரியும்கூட, ஆனால் வீட்டுக்குள்ளிருந்து முதலிலிருந்து பழக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா "வாடா", அண்ணன் "கம்", நான் "வா", அப்புறம் நான்காவதாக இன்னொன்றா? கடைசியில் மூவரும் "வாடா" என்றே வைத்துக்கொண்டோம், அம்மா மாற்றப்போவதில்லை என்பதால்.

நான் நம்புவது ஐந்து மீட்டர் கயிறு. கழுத்துப்பட்டையில் கட்டாதீர்கள், ஓடி இழுத்தால் கழுத்து போகும், மார்புப்பட்டையின் முதுகு வளையத்தில் மாட்டுங்கள். ஒரு முறை மட்டும் கூப்பிட்டு, மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். வராவிட்டால் சொல்லைத் திரும்பச் சொல்லாமல், இழுக்காமல், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே அவனிடம் போய், பின்னோக்கி நடந்து கைதட்டுங்கள். வந்ததும் அவித்த கோழி இரண்டு மூன்று துண்டு, உடனே மறுபடி மோப்பம் பிடிக்க விட்டுவிடுங்கள். பலர் கோழியைக் கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்கு இழுத்துப் போவார்கள், அங்கேதான் கெடுகிறது.

வேலியோரம் முதல் நாள் பத்து முறை கூப்பிட்டதில் மூன்று முறைதான் வந்தான். பாதிகூட வராவிட்டால் இடம் கடினம் என்று அர்த்தம், அதனால் பதினைந்து அடி தள்ளிப் போனோம், பத்துக்கு எட்டு வந்தான். எட்டு வந்த பிறகுதான் வேலியை நெருங்கினோம், அதற்கே இரண்டு வாரம்.

கயிற்றுக்கும் எல்லை உண்டு. மரத்தைச் சுற்றிக்கொள்ளும், உள்ளங்கையை அறுக்கும், குழந்தைகள் ஓடும் இடத்தில் வேண்டவே வேண்டாம். போன வாரம் பருவத்துக்கு வந்த பெட்டை ஒன்று சந்தைக் கடந்தது, பத்துக்குப் பூஜ்யம். அன்று கோழியை நானே தின்றுவிட்டு அவனை உள்ளே கூட்டிப் போனேன்.